82 பைசாவா, 83 பைசாவா? பில்லிங் மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நான் ஈரோட்டில் சின்னக் கடைகளுக்கு மாதக் கணக்கு பார்க்கிறவன். கொஞ்சம் பைத்தானும் தெரியும். போன மாதம் ஒரு கடையில் உங்கள் மென்பொருள் அச்சிட்ட பில்களும், அதே மென்பொருள் தந்த வரி அறிக்கையும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் சில ரூபாய்தான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தாக்கல் செய்ய மனசு வரவில்லை. இரண்டு நாள் போனது.

கடைசியில் 33 ரூபாய்ப் பொருள் ஒன்றில் பிடிபட்டது. அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய அரசுக்கு 2.5, மாநிலத்துக்கு 2.5. ஒவ்வொன்றும் 82.5 பைசா வருகிறது. பில்லில் 83, அறிக்கையில் 82. உங்கள் நிரலை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே கணக்கை இரண்டு விதமாக அடித்தாலே இப்படி ஆகும்:

```python
round(33 * 0.025, 2)      # 0.83
round(33 * 2.5 / 100, 2)  # 0.82
```

0.025 என்ற எண்ணை ஃப்ளோட்டில் அப்படியே வைக்க முடியாது. உள்ளே ஒரு துளி கூடுதலாக உட்கார்ந்திருக்கும். அதை 33-ஆல் பெருக்கினால் விடை 0.825-ஐத் தாண்டிவிடுகிறது. இரண்டாவது கணக்கில் 82.5 வரை சுத்தமாக வந்து, 100-ஆல் வகுக்கும்போது 0.825-க்கு ஒரு துளி கீழே விழுகிறது. பில்லை ஒருவரும் அறிக்கையை இன்னொருவரும் எழுதியிருப்பீர்கள் என்பது என் ஊகம். இருவர் மீதும் தப்பில்லை, ஃப்ளோட்டை எடுத்ததைத் தவிர.

சரி, `Decimal`-க்கு மாறினால் போதுமா? போதாது. நானும் மாற்றிப் பார்த்தேன்:

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP
v = Decimal("33") * Decimal("2.5") / 100
v.quantize(Decimal("0.01"))                 # 0.82
v.quantize(Decimal("0.01"), ROUND_HALF_UP)  # 0.83
```

ஒன்றும் சொல்லாமல் விட்டால் பைத்தான் சரிபாதியை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும். நம் கடைத்தெருவில் பாதி வந்தால் மேலேதான். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவும், கட்ட வேண்டிய வரியை ரூபாயாக்கும்போது 50 பைசா இருந்தாலே அடுத்த ரூபாய் என்கிறது. அதனால் ரவுண்ட் ஆஃப் விதியை ஒரே ஒரு ஃபங்ஷனில் எழுதி, பில்லும் அறிக்கையும் அதையே அழைக்கும்படி செய்யுங்கள்.

அப்புறம், எங்கே ரவுண்ட் செய்வது என்பது. அதே பொருள் பில்லில் தனித்தனி வரிசையாகப் பத்து முறை வந்தால், ஒவ்வொரு வரிசையிலும் ரவுண்ட் செய்து கூட்டிய மத்திய வரி 8.30. மொத்தம் 330-க்குப் போட்டால் 8.25. இதில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் பில்லில் ஒன்று, அறிக்கையில் வேறொன்று என்று வேண்டாம். என்னைக் கேட்டால், பில்லில் அச்சான பைசாவைச் சேமித்து வைத்து அறிக்கையில் அதையே கூட்டுவது நல்லது. மறுபடி கணக்கிடும் அறிக்கை என்றைக்காவது வழுக்கும். இன்னொன்று: முழு 5 சதவீதத்தையும் போட்டு 1.65 எடுத்து, 83 என்றும் 82 என்றும் பிரிக்காதீர்கள். அவை இரண்டு தனி வரிகள், விகிதம் ஒன்றுதான். இரண்டும் 83 என்றே நிற்க வேண்டும்.

எம்ஆர்பி விலையில் இது தலைகீழாக வந்து கடிக்கும். வரியோடு 35 ரூபாய் என்று வையுங்கள். 1.05-ஆல் வகுத்தால் 33.33, அதற்கு வரி 83, 83. கூட்டினால் 34.99! உங்கள் பில்லில் அந்த ஒரு பைசாவை 'ரவுண்ட் ஆஃப்' என்ற தனி வரிசையில் ஒளித்திருந்தீர்கள். தேவையே இல்லை. முதலில் ஒவ்வொரு வரியையும் 35 × 2.5 ÷ 105 என்று எடுங்கள், 83 பைசா வரும். பிறகு 35-லிருந்து இரண்டையும் கழித்தால் வரிக்கு முந்தைய மதிப்பு 33.34. வாடிக்கையாளர் தந்த 35 அசையாது.

ஏற்றுமதிக்காரர் ஒருவருக்கும் நான் கணக்கு பார்க்கிறேன். அவர் குவைத்துக்குப் போட்ட 12.345 தினார் பில் உங்கள் மென்பொருளில் 12.35 ஆகிவிட்டது. ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ், அதாவது மூன்று தசம இடம். ஜப்பானிய யென்னுக்கு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் அடைக்கும் டேட்டாபேஸ் பத்திதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். தொகையோடு `KWD`, `JPY`, `INR` என்ற குறியீட்டையும் சேமித்து, எத்தனை இடம் என்பதை அதிலிருந்து எடுங்கள். பில் போட்ட நாளின் மாற்று விகிதத்தையும் பில்லோடு பதிவு செய்யுங்கள். இன்றைய விகிதத்தில் பழைய பில் மாறினால் என் கணக்கு மூடாது.

33 ரூபாய், 35 ரூபாய், 12.345 தினார் மூன்றையும் உங்கள் டெஸ்ட்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள். அடுத்த தாக்கலுக்கு முன் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு கணக்கர்