மூண்டு வரிச் சங்கிலியும் வற்றாப்பளை நடையும்

டேய் மச்சான்,

எப்பிடியடா இருக்கிறாய், உன்ர கடிதத்துக்கு இவ்வளவு நாளா பதில் போடேல்லை எண்டு கோவிக்காத, வைகாசிப் பொங்கலுக்கு இந்தமுறை நானும் மனிசியும் புதுக்குடியிருப்பில இருந்து கேப்பாப்புலவுப் பக்கத்தால வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு நடந்தே போனனாங்கள், கால் ரெண்டும் வீங்கி ஒரு கிழமை படுக்கை. படுத்த நேரத்தில அந்த நடையை எழுதத் தொடங்கினன், அதுதான் இண்டைக்குக் கதை.

உனக்கு நினைவிருக்கும், இத்தாலியக் கவிஞன் தாந்தே டிவைன் கொமெடியை எழுதின முறை, மூண்டு மூண்டு வரியாப் போறது, முதலாம் மூண்டாம் வரிக்கு ஒரு ஓசை, நடுவரிக்கு வேற ஓசை, அந்த நடு ஓசைதான் அடுத்த மூண்டு வரிக்கு வெளி ஓசையா வரும், அப்பிடியே நூறு காண்டத்துக்கும் 14,233 வரி இழுத்திருக்கிறான் மனுசன், நரகத்தில தொடங்கி மலை ஏறுற ஒரு பெரிய நடை. நடைக்கு இது பொருந்துறது ஏனெண்டா, ஒரு கால் பின்னுக்கு நிக்கேக்கதான் மற்றக் கால் முன்னுக்குப் போகுது. எங்கட அந்தாதியும் சங்கிலிதான், ஆனா அது முடிஞ்ச சொல்லையே திருப்பிப் பிடிக்கும், நிண்டு மூச்செடுத்திட்டுப் போற மாதிரி. இது நடுவில ஒளிச்சு வைச்ச ஓசையைப் பிறகு வெளியில எடுக்கும்.

அந்த முறையில நான் முதல் எழுதினது சுத்த மோசம். வரிக்கடைசியில ஓசை வைச்சன், நடந்தம், கிடந்தம், குடிச்சம், சிரிச்சம். எல்லாமே "ம்" எண்டு முடியுது, நடுவரியும் வெளிவரியும் ஒண்டுபோலயே கேக்குது, சங்கிலியே இல்லை, ஒரே கயிறு. மனிசிக்கு வாசிச்சுக் காட்டி, நாலாம் வரியில நிப்பாட்டி, இந்த ஓசை முதல் எந்த வரியில வந்ததெண்டு கேட்டன், "எல்லாத்திலயும்தான்" எண்டாள். தமிழில வினைமுற்றில முடிச்சா இயைபு சும்மா கிடைக்கும், அதாலதான் அதுக்கு மதிப்பில்லை. பிறகுதான் மண்டையில தட்டிச்சு, எங்கட காது பழகினது எதுகைக்கு, அப்ப சங்கிலியை வரித்தொடக்கத்துக்கு மாத்துவம் எண்டு. இப்பிடி வந்தது:

விடியமுன் வெளிக்கிட்டம், வீதியில ஆக்களில்லை
பனையோலைச் சத்தம்தான் பக்கத்தில வந்தது
குடிதண்ணிப் போத்திலொண்டு கையில குலுங்குது

மனிசி கேட்டாள், இன்னும் எத்தனை கட்டை?
உப்புக் காத்தொண்டு முகத்தில முட்டிச்சுது
இனிக் கிட்டத்தான் எண்டு பொய்யொண்டு சொன்னன்

கொப்புளம் உடைஞ்சுது, கோயில்மணி கேக்கேல்லை
பள்ளத்தில நந்திக்கடல் பாயாய்க் கிடந்தது
தப்பி ஓடின ரோட்டால இப்ப நடந்து வாறம்

கள்ளமாய்ப் பாத்தம், ஒருசொல்லும் பேசேல்லை

ரெண்டாம் எழுத்தைப் பார், விடிய, குடி. நடுவில பனை. அது மனிசி, இனி எண்டு அடுத்ததைப் பிடிக்குது, அதுக்குள்ள உப்பு புகுந்து கொப்புளம், தப்பி எண்டு போகுது. பள்ளம் தனிய நிக்குது, அதைக் கடைசி ஒத்தை வரி "கள்ள" எண்டு வந்து பூட்டுது. தாந்தேயும் ஒவ்வொரு காண்டத்தையும் இப்பிடி ஒத்தை வரியிலதான் பூட்டுவான், இல்லாட்டி நடு ஓசை அந்தரத்தில தொங்கும். முதல் ஓசைக்கும் கடைசி ஓசைக்கும் ரெண்டு வரி, மற்றதெல்லாத்துக்கும் மூண்டு.

ஒரு சிக்கல் இருக்கு. எதுகை எங்களுக்கு அடுத்தடுத்த வரியில வந்து பழக்கம், இதில ஒரு வரி தாண்டி வருது, காது விட்டிடும். அதால வரியைக் கட்டையா வைச்சன், பக்கத்துப் பக்கத்து எதுகைக்குக் கிட்டக்கிட்டச் சத்தம் எடுக்கேல்லை, ள போட்ட இடத்துக்குப் பக்கத்தில ழ வந்தா எங்கட வாயில ரெண்டும் ஒண்டாகிடும். முதலெழுத்தின்ர அளவும் சரியா இருக்கவேணும், பனைக்கு மனிசி சரி, மானம் எண்டு போட்டிருந்தா நெடில் வந்து கெட்டிருக்கும்.

மற்றது, நடுவரியில என்ன வைக்கிறது எண்டதுதான் பெரிய வேலை, ஓசை மட்டும் இல்லை. அது காலுக்குக் கீழ இருக்கிறதாய் இருக்கக்கூடாது, கொஞ்சம் முன்னுக்கு இருக்கிறதாய் இருக்கோணும். உப்புக்காத்து வருகுது, கடல் இன்னும் காணேல்லை, அடுத்த மூண்டு வரியிலதான் கடல் தெரியுது. முதல்ல அந்த இடத்தில "சப்பாத்துக் கடிச்சுது" எண்டுதான் போட்டிருந்தன், எதுகை சரி, ஆனா கவிதை அதிலயே குந்திட்டுது.

"தப்பி" வரிதான் எனக்கு இன்னும் நிம்மதியில்லை, சண்டை நேரம் நீயும் அந்த ரோட்டால வந்தனி, வாசிச்சுப்போட்டு வெட்டச் சொன்னா வெட்டுறன், ஆனா ப் எதுகையோட வேற சொல் தேடித்தா.

மனிசிக்குத் திரும்ப வாசிச்சுக் காட்டினன். "இனிக் கிட்டத்தான்" எண்ட வரியில நிப்பாட்டினாள். "அது பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும்" எண்டிட்டு அடுப்படிக்குப் போட்டாள்.

உன்ர
பழைய வாங்குக்காரன்