ஃப்ளஷ் வால்வு புதிதாக மாற்றியும் கோமோடு சுத்தமாகவில்லையா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு பட்டன் உள்ள ஃப்ளஷ் டேங்க்கில் வால்வை மாற்றிய பிறகு எங்களிடம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒழுகல் நின்றுவிட்டது, ஆனால் பெரிய பட்டனை அழுத்தினாலும் முன்பு போல இழுக்கவில்லை." இப்படிச் சொல்பவர்கள் வாங்கிய வால்வு அநேகமாகப் பழுதில்லாததுதான். கம்பெனியில் ஏதோ ஓர் அளவில் வைத்து அனுப்பியதை அப்படியே மாட்டியிருப்பார்கள். வீட்டுக் கோமோடு கேட்கும் தண்ணீர் அளவு வேறாக இருக்கும். இந்த மடல் தரையில் உட்காரும் கோமோடும் அதன் மேலேயே உட்காரும் பீங்கான் டேங்க்கும் உள்ள வீடுகளுக்கானது. சுவருக்குள் மறைந்த டேங்க்கின் வேலை வேறு, அதை இங்கே சேர்க்கவில்லை.

முதலில் உங்கள் கோமோடு எத்தனை லிட்டருக்குச் செய்யப்பட்டது என்று தெரியவேண்டும். டேங்க்கின் உட்பக்கத்திலோ மூடியின் அடியிலோ 6/3, 4/2 என்பது போல எண்கள் இருந்தால் வேலை எளிது. முதல் எண் பெரிய பட்டனுக்கு, இரண்டாவது சின்ன பட்டனுக்கு. எண் இல்லாத பழைய கோமோடு பல நேரம் ஒரே பட்டனில் 10 லிட்டர் வரை தள்ளும் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கும். அதன் கிண்ணமும் வளைவும் அந்த அளவுக்குச் செய்யப்பட்டவை. அதில் 6/3 வால்வைப் போட்டு அளவை உச்சத்தில் வைத்தும் கழிவு முழுதாகப் போகவில்லையென்றால் வால்வை இன்னொருமுறை மாற்றிப் பயனில்லை. மாற்றவேண்டியது கோமோடுதான்.

அடுத்து, கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து வேகமாக இறங்கிக் கழிவைத் தள்ளிக்கொண்டு போகும் வகைதான் நம் வீடுகளில் அதிகம். ஒரே துண்டாக வரும் சில கோமோடுகளில் அடியில் தனியாக ஒரு துளை இருக்கும். தேங்கி நிற்கும் தண்ணீரின் பரப்பும் பெரிதாக இருக்கும். அவை சைஃபன் வகை. தண்ணீர் ஒரே வீச்சில் நிறைய இறங்கினால்தான் சைஃபன் பிடிக்கும் என்பதால் அவற்றில் பல 3 இன்ச் வாய் உள்ள வால்வோடு வரும். அந்த இடத்தில் 2 இன்ச் வால்வைப் பொருத்தினால் லிட்டர் கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் கிண்ணம் நிரம்பி, மெதுவாக வடிந்து, கடைசியில் வரவேண்டிய அந்த "கடகட" இழுப்பு வராமலே போகும். எத்தனை லிட்டர் என்பது எவ்வளவு முக்கியமோ, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

இதே காரணத்தால்தான் தண்ணீரை மிச்சப்படுத்த மிதவையைத் தாழ்த்தி வைக்காதீர்கள் என்று சொல்கிறோம். டேங்க்கில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அந்த உயரம்தான் அதைக் கீழே தள்ளுகிறது. நீர்மட்டத்தைக் குறைத்துவிட்டு டேங்க்கை அடிவரை காலி செய்தால், கடைசிப் பாதி சோம்பலாக வடியும், கழிவை நகர்த்தாது. மட்டம் டேங்க்கில் உள்ள கோடு வரை இருக்கட்டும். கோடு இல்லையென்றால் நிரம்பி வழியும் குழாயின் மேல்விளிம்புக்கு 2 செ.மீ. கீழே இருக்கட்டும். குறைக்கவேண்டுமானால் வால்வு சீக்கிரம் மூடும்படி அதிலேயே அளவை வையுங்கள். நல்ல ஃப்ளஷ்ஷுக்குப் பிறகு டேங்க்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் நிற்பது இயல்பு, அது குறையல்ல. டேங்க்குக்குள் செங்கல் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். செங்கல் கரைந்து வரும் மணல் ரப்பர் வாஷருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புது வால்வு வாங்கும் முன் பழையதைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பல நேரம் கெட்டிருப்பது அடியில் உள்ள ரப்பர் வாஷர் மட்டும்தான். ஆங்கிள் காக்கை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து, பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகி மூடியை எடுங்கள். பெரும்பாலான வால்வுகளில் மேல்பகுதியைப் பிடித்துக் கால் திருப்பு இடப்பக்கம் திருப்பினால் அது தனியே கையோடு வரும், அடிப்பகுதி டேங்க்கிலேயே நிற்கும். வாஷரை விரலால் தடவுங்கள். விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தாலோ கறுப்பு மை விரலில் ஒட்டினாலோ அதன் ஆயுள் முடிந்தது. வாஷர் நன்றாக இருந்து, அது உட்காரும் வளையத்தில் வெள்ளைப் படிவம் சொரசொரவென்று இருந்தால் அது போர் தண்ணீரின் சுண்ணாம்பு. வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துவிட்டு, நகம் அல்லது பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். கத்தி படக்கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே ஒழுகும். டேங்க்குக்குள் ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். நீலக் கட்டி, குளோரின் கட்டி போடுவதும் ரப்பரை வீங்கவைத்துச் சீக்கிரம் கெடுக்கும்.

அடிப்பகுதியே உடைந்திருந்தாலோ புது வால்வின் மேல்பகுதி பழைய அடியில் உட்காராவிட்டாலோ டேங்க்கைக் கீழே இறக்கியாகவேண்டும். மிச்சத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கனெக்ஷன் பைப்பைக் கழற்றுங்கள். கோமோட்டின் பின்பக்க அடியில் உள்ள இரண்டு போல்ட் நட்டுகளை எடுத்துவிட்டு டேங்க்கை நேராக மேலே தூக்குங்கள். கனமானது, ஈரமாக இருக்கும், அதனால் இருவர் பிடிப்பதே நல்லது. அடியில் உள்ள தடித்த வளைய வாஷரையும் அதற்குள் இருக்கும் பெரிய செக் நட்டையும் எடுத்தால் பழைய வால்வு உள்பக்கமாக வந்துவிடும். புதியதைப் பொருத்தும்போது அதன் சீல் வாஷர் டேங்க்கின் உள்ளே இருக்கவேண்டும், நட்டு வெளியே. தண்ணீரை அந்த வாஷர்தான் தடுக்கிறது, மரை அல்ல. ஆகவே மரையில் டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் திருப்பு போதும். தடித்த வளையத்தையும் போல்ட் வாஷர்களையும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள், பழையது ஒரு பக்கம் நசுங்கிய வடிவிலேயே இருக்கும். போல்ட்டுகளை இடம் ஒருமுறை, வலம் ஒருமுறை என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும், விட்டால் ஒட்டவைக்க வழியில்லை.

பட்டன் கம்பிகளில்தான் அடுத்த தவறு நடக்கிறது. கம்பி நீளமாக இருந்தால் மூடியைப் போட்டதுமே அது வால்வை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும், வாஷர் முழுதாக உட்காராது, தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். பட்டனுக்கும் வால்வுக்கும் இடையே 2 அல்லது 3 மி.மீ. ஆட்டம் இருக்கவேண்டும். மூடியை எடுத்தால் ஒழுகல் நின்று, போட்டால் திரும்ப வருமானால் காரணம் இதுதான். பெரிய பட்டன் அழுத்தக் கொஞ்சம் தண்ணீர் வந்து, சின்னதில் நிறைய வந்தால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. பட்டனைப் பாதிச் சுற்று திருப்பிப் போடுங்கள்.

இப்போது அளவு. ஒரு டேங்க்கை எடுத்துக்கொள்வோம். அதன் உள்நீளம் 34 செ.மீ., உள் அகலம் 14 செ.மீ. பெருக்கினால் 476. அதாவது தண்ணீர் 1 செ.மீ. இறங்கினால் 476 மி.லி., ஏறக்குறைய அரை லிட்டர். கோமோடு 6/3 வகை என்றால் பெரிய பட்டனுக்குத் தண்ணீர் சுமார் 12.6 செ.மீ. இறங்கவேண்டும், சின்னதற்கு 6.3 செ.மீ. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பெரிய பட்டனை அழுத்தி விடுங்கள். வால்வு மூடியதும் மட்டம் 9 செ.மீ. மட்டுமே இறங்கியிருந்தால் 4.3 லிட்டர்தான் போயிருக்கிறது. 6 லிட்டர் கோமோட்டுக்கு அது போதாது, அதனால்தான் இழுக்கவில்லை. வால்வின் உடலில் உள்ள நகரும் துண்டை ஒரு படி நகர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் கூட்டும், எது குறைக்கும் என்பது வால்வுக்கு வால்வு மாறும், ஒரு படி நகர்த்தினால் தெரிந்துவிடும். சின்ன பட்டனுக்குப் பக்கவாட்டில் தனி மிதவை இருந்தால் கணக்கு நேரடியானது: அதைக் கீழே இறக்கினால் வால்வு தாமதமாக மூடும், தண்ணீர் கூடும். டேங்க் கீழே குறுகிக்கொண்டு போனால் இந்தப் பெருக்கல் சற்றுப் பிசகும். அப்போது ஃப்ளஷ் செய்தபின் ஒரு லிட்டர் பாட்டிலால் பழைய கோடு வரை ஊற்றி எண்ணிவிடுங்கள், அதைவிடச் சரியான அளவு கிடையாது.

இந்த அளவிலும் சரியாகச் சுத்தமாகவில்லையென்றால் கிண்ணத்தின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, விளிம்புக்கு ஓர் இன்ச் கீழே தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் கோடு போட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். கோடு அழியாமல் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே விளிம்புத் துளைகள் சுண்ணாம்பால் அடைத்திருக்கின்றன. அங்கே வால்வைக் குறை சொல்வது நியாயமில்லை. துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். எதிர்ப்பக்கமாக, 4 லிட்டர் கோமோட்டில் 7, 8 லிட்டர் விட்டால் விளிம்பைத் தாண்டித் தெறிக்கும், டேங்க் நிரம்பவும் வெகுநேரம் ஆகும்.

கடைசியாக ஒழுகல் சோதனை. டேங்க் தண்ணீரில் சமையல் கலர் கொஞ்சம் கலந்துவிட்டு, யாரும் பயன்படுத்தாமல் 20 நிமிடம் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. 10 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. கசிந்தாலும் ஒரு நாளில் 28.8 லிட்டர் போகிறது. டேங்க்குக்கும் கோமோட்டுக்கும் நடுவே காய்ந்த டிஷ்யூவைச் சுற்றி ஒற்றிப் பாருங்கள். ஈரமானால் போல்ட்டா, தடித்த வளையமா என்று அது நனைந்த இடமே காட்டிவிடும்.

கடைக்கு வரும்போது பழைய வால்வையே கொண்டுவந்தால் மிகவும் நல்லது. முடியாவிட்டால் அதன் இரண்டு பக்கப் படம், டேங்க்கின் தரையிலிருந்து மூடியின் அடிவரை உயரம், மூடியில் உள்ள பட்டன் ஓட்டையின் விட்டம், டேங்க் அடித்துளையின் விட்டம், கோமோட்டில் உள்ள லிட்டர் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவாருங்கள். வாஷர் மட்டும் என்றால் அதன் வெளிவிட்டமும் உள்விட்டமும் மி.மீ.யில் வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வாஷர்களுக்கு 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் ஒன்று ஒழுகும்.

அன்புடன்,
உங்கள் சானிட்டரி கடையிலிருந்து