பெரியப்பாவிடம் கல் என்று சொல்லியிருக்கிறோம்

அன்புள்ள அண்ணே,

போனில் இதைப் பேச ஆரம்பித்தால் இரண்டு பேருமே அழுதுவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். இன்னும் பல வீடுகளில் இதே கதை நடக்கிறது என்பதால் பொதுவிலேயே போடுகிறேன், பெயர்கள் இல்லாமல்.

அன்று மதுரையில் டாக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை. வெளியே வந்ததும் எங்களையெல்லாம் தூண் பக்கம் ஒதுக்கி, "அப்பாவுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. கல் அடைப்புன்னு சொல்லிக்குவோம்" என்றீர்கள். அத்தை ஸ்கேன் கவரைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்துவிட்டார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா சம்பந்தமே இல்லாமல் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பக்கத்து பெஞ்சில் இருந்த யாரோ ஒரு அம்மா, "பெரியவருக்கு என்னங்க, கட்டியா?" என்று கேட்க, நீங்கள் முறைத்த முறைப்பில் அவர் எழுந்தே போய்விட்டார். பெரியப்பா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நீங்கள் மருந்து வாங்கப் போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, கல்லுக்கா ஒங்க அத்தை இப்படி அழுகுறா?" டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்கிற பாலியேட்டிவ் கேர் பிரிவில் நர்ஸாக இருக்கிறவள் என்பதால் சொல்கிறேன் அண்ணே, இந்தப் பொய்யில் உடலுக்கே ஆபத்து இருக்கிறது. கட்டி பித்தக்குழாயை நெரித்ததால்தான் மஞ்சள் காமாலை, அரிப்பு, வெளுத்த மலம் எல்லாம் வந்தன. எண்டோஸ்கோப்பி வழியாக வைத்த ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் பித்தம் வடிவதற்கான வழி மட்டும்தான். இப்போது கண் தெளிந்து, அரிப்பு குறைந்து, கல் போய்விட்டது என்று அவர் நம்புகிறார். ஆனால் அவருக்கு வைத்தது பிளாஸ்டிக் ஸ்டென்ட். அது மூன்று மாதம் போல ஆனதும் அடைத்துக்கொள்வது சகஜம். அடைத்தால் மறுபடியும் மஞ்சள் வரும், சிறுநீர் கறுக்கும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பித்தக்குழாயில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். உள்ளே குழாய் இருப்பதே தெரியாத மனிதர் என்ன செய்வார்? கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்துவிட்டு, போர்வையைப் போர்த்திப் படுத்துக்கொள்வார். யாரிடமும் சொல்லக்கூட மாட்டார்.

அடுத்தது கீமோ. அதைத் தாங்கிக்கொண்டு சில மாதம் கூடுதலாக இருப்பதா, வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து போதும் என்பதா? நீங்களும் மாமாவும் வராந்தாவில் நின்று முடிவு செய்கிற காரியம் இல்லை இது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சுயநினைவோடு இருக்கிற, விவரம் புரிகிற நோயாளியின் சம்மதத்தை அவரிடம்தான் வாங்க வேண்டும், உறவினர் கொடுக்கும் சம்மதம் அதற்கு ஈடாகாது. அன்று பெரியப்பா கையெழுத்துப் போட்ட தாளை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் பாசத்தில் வருவது, எனக்கு நன்றாகவே புரிகிறது. அதனால் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் முதலில் கேட்பதே, "உங்களுக்கு என்ன இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றுதான். பாதிப் பேர் அதற்குள்ளேயே தாங்களாகச் சொல்லிவிடுவார்கள். அப்புறம், "ரிப்போர்ட் விவரத்தை உங்ககிட்டயே பேசட்டுமா, மகன்கிட்ட பேசிக்கிடவா?" என்று கேட்போம். "எல்லாம் அவன் பாத்துக்குவான்" என்று அவர் சொன்னால் சரி, அது அவர் எடுத்த முடிவு, அத்தோடு நிறுத்திக்கொள்வோம். அப்போதும் ஸ்டென்ட் விவரத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். தெரிய வேண்டும் என்றால், கல் இல்லை, கட்டி என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். அடுத்த கேள்வி அவரிடமிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு தூரம் கேட்கிறாரோ அவ்வளவு தூரம்தான் போவோம்.

கிணற்றடி நிலத்தை யாருக்கு எழுதுவது என்று போன வாரம் அவர் அத்தையிடம் கேட்டிருக்கிறார். கல் எடுத்துவிட்டுத் திரும்பிய மனிதர் கேட்கிற கேள்வியா அது? அவர் ஏதோ கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார், அதுவும் ஒண்டியாக.

ஞாயிற்றுக்கிழமை மேலூர் வருகிறேன். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், முதல் கேள்வியை நான் கேட்கிறேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நானாக எதையும் ஆரம்பிக்க மாட்டேன். ஆனால் பெரியப்பா என்னிடம் இன்னொரு தடவை நேராகக் கேட்டால் கல் என்று என்னால் சொல்ல முடியாது அண்ணே. அன்றைக்கு என் மேல் கோபப்படக் கூடாது என்றுதான் இப்போதே எழுதிவிட்டேன்.

உங்கள் தங்கை