ஆர்கானிக் என்று பதிவிடும் முன்

நம் குழுவில் விற்பவர்களுக்கு ஒரு விஷயம். சும்மா "100% ஆர்கானிக்" என்று போடாதீங்க. மாப்பிள்ளைச் சம்பா பாரம்பரிய ரகம்தான், ஆனால் அதற்கும் யூரியா போட்டு விளைவிக்க முடியும், ரகத்தின் பெயர் சான்று ஆகாது. விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்த்துப் பெறும் பிஜிஎஸ் சான்றில் கிரீன் என்றிருந்தால் நிலம் இன்னும் ஆர்கானிக் முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள், அதை முழு ஆர்கானிக் என்று எழுதக் கூடாது. சொந்த வயல் அரிசியை நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை, ஆனால் ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரையான ஜைவிக் பாரத்தைப் போட முடியாது. வாங்கி விற்கிற நமக்கு அந்த விலக்கும் கிடையாது. சான்று இல்லையா, சரி, "இந்தப் பருவத்தில் ரசாயன உரம், பூச்சிமருந்து போடவில்லை என்று விவசாயி சொன்னார்" என்று ஊர், அறுவடை மாதத்தோடு எழுதுங்க. சான்று இருந்தால் எண்ணும் காலாவதி தேதியும் தெரிகிற மாதிரி படம் போடுங்க, அதிலுள்ள பயிர்ப் பட்டியலில் நீங்கள் விற்கும் பயிர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்க.