கும்பத்தில் இருக்க வேண்டிய சனி

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "அப்பா, அந்த எஞ்சினியர் வீட்டிலிருந்து மறுபடி பேசினார்களா?" என்று கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அம்மாடி, அப்படி ஒரு பையனே இல்லை. அவனுடைய அம்மா என்று நம்மிடம் பேசியவரும் யாருக்கு அம்மாவோ தெரியாது.

இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இருந்த அந்தத் திருமணத் தகவல் அலுவலகத்துக்கு நானும் அம்மாவும் போனது உனக்குத் தெரியும். பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று பையன்களின் விவரத்தைக் காட்டினார்கள். பெயரும் போன் எண்ணும் மட்டும் மறைத்திருந்தது. மூன்றும் நமக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தன. உன் நட்சத்திரமும் நம் எதிர்பார்ப்பும் விண்ணப்பத்தில் நாங்களே எழுதிக் கொடுத்தவைதானே என்று அப்போது தோன்றவில்லை. பதிவுக் கட்டணம் 980 வெள்ளி, ஆறு மாதத்தில் ஆறு வரன் என்று சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுக் கட்டினேன். மறுவாரம் கேட்டால், அந்த மூன்றில் இரண்டு பேருக்கு நிச்சயமாகிவிட்டது என்றார்கள். மூன்றாவதுதான் நீ படம் பார்த்து, "பரவாயில்லைப்பா, பேசிப் பாருங்கள்" என்று சொன்ன எஞ்சினியர்.

அந்த அம்மா இரண்டு வாரம் நன்றாகத்தான் பேசினார். வீடியோவில் வரச் சொன்னால் மட்டும் கேமரா சரியில்லை, பையன் வெளியூரில் இருக்கிறான் என்று ஏதாவது ஒன்று. ஒருநாள் பேச்சுவாக்கில், மகன் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு டேங்க் ரோட்டிலிருந்து பெருமாள் கோயிலுக்கு நடந்தே வருவான் என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்? பெருமாள் கோயிலில் கிளம்பி டேங்க் ரோடு முருகனிடம் போய் இறக்குவார்கள் என்பது இந்த ஊரில் காவடி பார்த்த குழந்தைக்கும் தெரியும். உன் அம்மா போனை வைத்ததும் சொன்னாள், "இவங்க இங்க இருந்து பேசலங்க." நான்தான், வாய் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அம்மா சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவர்கள் குடும்ப ஜோசியர் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டாராம். இப்போது யோசித்தால் அதிலுள்ள சூது புரிகிறது. மறுப்பு எப்போதும் அந்தப் பக்கமிருந்தே வரும், காரணமும் நாம் எதிர்த்துப் பேசமுடியாத காரணமாக இருக்கும். நாமும் யார்மேலும் கோபப்படாமல் அடுத்த வரனுக்குக் காத்திருப்போம். ஆறு காகிதம் கையில் கொடுத்து முடிந்தால் ஒப்பந்தம் முடிந்தது. "வரன் விவரம் வழங்கப்படும்" என்றுதான் அதில் எழுதியிருந்தது, சந்திப்பு என்ற சொல் எங்குமே இல்லை. நாலாவது விவரம் வந்ததும், இன்னும் 600 வெள்ளி கட்டினால் "நல்ல குடும்பங்களாக" காட்டுகிறோம் என்றார்கள். அங்கேதான் எனக்கு உறுத்தியது.

அன்று இரவு நாலு ஜாதகத்தையும் சாப்பாட்டு மேசைமேல் பரப்பி வைத்தேன். தாத்தா எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததை நீ சிறுவயதில் பார்த்திருக்கிறாய். முதலாவது ஜாதகத்துக்கு உரியவர் 1991 வைகாசியில் பிறந்தவர். சூரியன் ரிஷபத்தில், சனி மகரத்தில், எல்லாம் சரியாக இருந்தது. எஞ்சினியர் பையன் 1994 கார்த்திகை. கார்த்திகை மாதத்தில் பிறந்தவருக்குச் சூரியன் விருச்சிகத்தில்தான் இருக்கவேண்டும், அதில் மாற்றமே கிடையாது. சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருஷம் இருப்பார், 1994 முழுக்கக் கும்பத்தில் இருந்தார். ஆனால் இவன் ஜாதகத்தில் சூரியன் ரிஷபம், சனி மகரம். குரு, செவ்வாய், ராகு, கேது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். மூன்றரை வருஷ வித்தியாசத்தில் பிறந்த இருவருக்கும் எல்லாம் ஒரே கட்டத்தில். மாறியிருந்தது லக்னமும் சந்திரனும் மட்டும்தான். மீனக் கட்டத்து மூலையில் ஒரு மைப்புள்ளி இருந்தது, அதுகூட இரண்டு காகிதத்திலும் அதே இடத்தில் இருந்தது.

ஏன் சந்திரனை மாற்றினார்கள் தெரியுமா? பொருத்தம் பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது நட்சத்திரத்தை. சந்திரன் இருக்கும் இடம்தான் நட்சத்திரம். உன் நட்சத்திரத்துக்குப் பொருந்துகிற ஒரு நட்சத்திரம் வருகிற மாதிரி சந்திரனை நகர்த்திவிட்டால் பத்துப் பொருத்தமும் பார்த்துக்கொண்டே போகலாம். மற்ற கிரகங்களைப் பிறந்த தேதியோடு யார் ஒப்பிடப் போகிறார்கள்?

நேரில் போய்க் கேட்டேன். ஜாதகம் எழுதியவர் பிழை என்றார்கள். பையனின் தகப்பனாரை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றேன், அந்தக் குடும்பம் விலகிவிட்டது என்றார்கள். பணத்தைக் கேட்டதற்கு, பதிவுக் கட்டணம் திருப்பித் தரமாட்டோம் என்று எழுதியிருக்கிற வரியைக் காட்டினார்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் விசாரித்துவிட்டு, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டேன். அரசாங்கத்தின் சிங்பாஸ் கணக்கை வைத்து இணையத்திலேயே பதியலாம். 20,000 வெள்ளி வரையிலான தொகையை அங்கே கேட்கலாம், நம் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வக்கீல் வைக்க முடியாது, அவர்களும் வைக்க முடியாது, அது நமக்கு நல்லது. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பக்கத்தில் பக்கம் வைத்த இரண்டு ஜாதகம், அந்த இரண்டு மாதத்துப் பஞ்சாங்கப் பக்கம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கொடுத்தேன்.

முதல் ஆலோசனை நாளில் அவர்கள், ஒப்பந்தப்படி விவரம் கொடுத்தோம் என்றார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: இந்த நாலு பேரில் ஒருவராவது இவர்களிடம் பதிவு செய்த விண்ணப்பத்தைக் காட்டட்டும், பெயரை மறைத்தே காட்டட்டும். அவர்களிடம் எதுவும் இல்லை. அடுத்த தேதிக்கு முன்பே 850 வெள்ளி தருவதாக ஒத்துக்கொண்டார்கள், வந்துவிட்டது. மீதி 130-க்காக இன்னொரு நாள் வேலைக்கு விடுப்பு எடுக்க நான் விரும்பவில்லை. அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

பணம் போகட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறு. அந்த எஞ்சினியரின் படம் யாரோ ஒரு நிஜப் பையனின் படம்தானே? அவனுடைய பெற்றோரும் எங்களைப் போல எங்கேயோ பதிவு செய்து கொடுத்த படமாக இருக்கலாம். அப்படியானால் உன் படமும், நீ படித்த படிப்பும், உன் ஜாதகக் கட்டமும் இன்று எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறதோ. எந்தத் தாயாவது உன்னைப் பார்த்து ஆசைப்பட்டு 980 வெள்ளி கட்டியிருந்தால்? அதற்கு நான்தான் வழி செய்துவிட்டேன் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதை நிறுத்த நீதான் எழுதவேண்டும், தகவல் உன்னுடையது. இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த சம்மதத்தை நீ திரும்பப் பெறலாம். பெற்றுவிட்டால் உன் விவரத்தை அவர்கள் பயன்படுத்துவதை நிறுத்தியாகவேண்டும். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: உன் பெயர், பதிவு எண், எந்தத் தேதியில் கொடுத்தது, படத்தையும் ஜாதகத்தையும் யாருக்கும் காட்டக்கூடாது, அழித்துவிட்டுப் பதில் எழுதவேண்டும். பதிவு எண் ரசீதின் மேல் மூலையில் இருக்கிறது, படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். முடிந்தால் இன்றைக்கே அனுப்பிவிடு, எனக்கும் ஒரு நகல் வை.

அன்புடன்,
அப்பா