வயது எழுதும் கட்டத்தைப் பற்றி: இணையச் சந்தைகளின் பொம்மைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

இணையச் சந்தைகளில் பொம்மைப் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

பொம்மை விற்கும் சிறு வியாபாரிகளுக்காக, உங்கள் தளங்களில் வரும் பொருள் விவரங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. உங்கள் படிவத்தில் குறைந்தபட்ச வயதுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. விற்பவர் எதை நிரப்பினாலும் அது வாங்கிக்கொள்கிறது. வாங்குபவர்கள் வயதைச் சொல்லித் தேடுவதால், எவ்வளவு சின்ன வயதைப் போடுகிறோமோ அவ்வளவு பேர் கண்ணில் பொருள் படும். ஆறு மாதம் என்று போடச் சொல்லி என்னிடம் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. உங்கள் தேடல் வசதி அப்படிக் கேட்க வைக்கிறது.

மரச் சொப்புச் சாமான் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பானை மூடியின் குறுக்களவு 28 மில்லிமீட்டர், உயரம் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கூடத்தில் இதற்கென்று ஓர் உருளை உண்டு. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பக்கம் சரிவாக இருக்கும், ஆழம் ஓரிடத்தில் 25.4, எதிர்ப்பக்கம் 57.1. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டை முழுதாக விரிந்தால் ஏறக்குறைய எவ்வளவு இருக்குமோ அதை ஒட்டி அமைத்த அளவு அது. அமுக்காமல் போட்டு, எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் சரி, ஒரு பொருள் முழுதாக உள்ளே அடங்கினால் அது சிறு பாகம். நம் மூடி அடங்கிவிடும். பொம்மையைக் கீழே போட்டு, திருகி, இழுத்துப் பார்த்து, அப்போது கழன்று வருவதையும் அதே உருளையில் போட்டுப் பார்ப்பார்கள். ஆக இந்த செட் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. பக்கத்தின் தலைப்பில் 'ஆறு மாதம் முதல்' என்று போட்டுவிட்டு, கடைசிப் படத்தின் மூலையில் 'பெரியவர் மேற்பார்வை தேவை' என்று பொடி எழுத்தில் எழுதினால் அது எச்சரிக்கை ஆகாது.

சரி, '3+' என்று மாற்றினால் போதுமா? போதாது. அந்த எண்ணைப் பெற்றோர் பெரும்பாலும் கெட்டிக்காரத்தனத்தின் அளவாகப் படிக்கிறார்கள். “எங்க பாப்பா ரெண்டு வயசிலேயே எல்லாம் அடுக்குவா” என்று பெருமையாக வாங்கிவிடுகிறார்கள். அவள் அடுக்குவாள்தான். ஆனால் தொண்டை இரண்டு வயதுத் தொண்டை. அதனால் எண்ணோடு காரணமும் வர வேண்டும்: “எச்சரிக்கை! 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. சிறு பாகங்கள் உள்ளன, தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறலாம்.” இதை விலைக்குப் பக்கத்தில், வாங்கும் பொத்தானுக்கு மேலே, படமாக இல்லாமல் எழுத்தாக, வாங்குபவரின் மொழியில் காட்டுங்கள். அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டத்தின்படி, நேரடியாக வாங்கக்கூடிய இணைய விளம்பரத்திலேயே அல்லது அதை ஒட்டியே இந்த எச்சரிக்கை இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தந்திரமும் நடக்கிறது. கிலுகிலுப்பை சோதனையில் தேறாது என்று தெரிந்தால் '3+' என்று போட்டுத் தப்பிக்கப் பார்ப்பது. மூன்று வயதுப் பிள்ளை எதற்குக் கிலுகிலுப்பை கேட்கப் போகிறது? பொம்மையின் வேலை, அளவு, தன்மை இவற்றோடு முரண்படும் எச்சரிக்கையைப் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு பொம்மைப் பாதுகாப்பு நெறிமுறை வெளிப்படையாகவே சொன்னது. உங்கள் படிவமும் இதைக் கேட்கலாம்: பொருளின் வகை கிலுகிலுப்பை, வயது 3+ என்று வந்தால் நிறுத்தி வையுங்கள். மற்ற பொம்மைகளுக்குச் சோதனை அறிக்கையில் எந்த வயதுக்குச் சோதித்தார்கள் என்று இருக்குமே, அதைப் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

சில பொருள்களுக்கு மாதக் கணக்கே பொருந்தாது. தொட்டிலுக்கு மேலே தொங்கவிடும் பொம்மைக்கு, குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும் என்றுதான் எழுத வேண்டும். அது எந்த மாதம் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். உங்கள் கட்டத்திலோ எண் மட்டும்தான் ஏறுகிறது.

அப்புறம், கேள்வி பதில் பகுதி. “ஒரு வயசுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?” என்று ஒருவர் கேட்பார். வேறொரு வாடிக்கையாளர் “தாராளமா, எங்க பையன் விடவே மாட்டான்” என்பார். மேலே நான் எழுதிய எச்சரிக்கை அத்தோடு போச்சு. அந்தப் பகுதியின் தலையிலும் எச்சரிக்கை நிலையாக நிற்கட்டும், விற்பவரின் பதில் முதலில் வரட்டும்.

கைவினைப் பொம்மைகளைப் பற்றி ஒன்று. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆனபோது, பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு கிடைத்தது. நியாயம்தான், சோதனைச் செலவை அவர்களால் தாங்க முடியாது. ஆனால் விலக்கு முத்திரைக்குத்தான், தொண்டைக்கு இல்லை. இவர்களிடம் அறிக்கை இருக்காது என்பதால், அந்த உருளை ஒன்றை வாங்கி உங்கள் கிடங்கில் வையுங்கள். பொருள் வந்ததும் ஒவ்வொரு உருப்படியையும் போட்டுப் பார்த்து, வயதுக் கட்டத்தை உங்கள் ஆட்களே நிரப்பட்டும்.

இப்படிக்கு,
உங்கள் படிவத்தை நிரப்பும் ஒருவர்