வீட்டு டெலிவரி: குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிட்டு வையுங்கள்

கடை நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம். டெலிவரிக்கான குறைந்தபட்ச ஆர்டர் தொகையை உத்தேசமாக வைக்காதீர்கள். ஒரு நடைக்கு ஆகும் செலவை லாப விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். நடைச் செலவு 30, நூற்றுக்கு 15 லாபம் என்றால் 200 வரும். அதுவும் கைநஷ்டம் இல்லாத எல்லை மட்டுமே. சற்றுக் கூட்டியே வையுங்கள்.

நடைச் செலவில் பெட்ரோலை மட்டும் எழுதிவிட்டு, கொண்டுபோகிறவரின் அரைமணி நேரக் கூலியை மறந்துவிடுகிறோம். பணம் கரைவது அங்கேதான்.

80க்கு மட்டும் ஆர்டர் கொடுப்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதில் லாபம் 12. குறையும் 18-ஐக் கட்டணமாக வாங்குங்கள். ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் போய் நின்று சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

ஒரே தெருவில் இரண்டு ஆர்டர்கள் சேர்ந்தால் ஓர் ஆர்டருக்கான நடைச் செலவு பாதியாகும், கட்டணத்தையும் குறைக்கலாம்.